சைகடெலிக் போதைப்பொருளும் குடும்பத்தில் இருக்கும் மனநோயும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரைப் பக்கம் ஒரு மனநல மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கிறேன். கொடைக்கானல் பக்கத்தில் இருப்பதால் போதைக் காளான் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களையும், எல்எஸ்டி தடவிய காகித ஸ்டாம்பை நாக்கில் வைத்துவிட்டு வருகிறவர்களையும், அவர்களுடைய அம்மா அப்பாக்களையும் அடிக்கடி பார்க்கிறேன். எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

"சைகடெலிக்னா எதெல்லாம்? கஞ்சா, எம்டிஎம்ஏ எல்லாம் அதுல வருமா?"

வராது. இந்தப் பக்கத்தில் நான் சைகடெலிக் என்று சொல்வது எல்எஸ்டி, மேஜிக் மஷ்ரூமில் இருக்கும் சைலோசிபின், சில கள்ளிச்செடிகளில் இருக்கும் மெஸ்கலின், டிஎம்டி ஆகிய நான்கையும்தான். நான்கும் மூளையில் ஒரே பூட்டைத் திறக்கின்றன. அதன் பெயர் செரட்டோனின் 2ஏ ஏற்பி. கஞ்சா, எம்டிஎம்ஏ, கெட்டமின் ஆகியவை வேலை செய்யும் விதம் வேறு. அதனால் அடுத்து வரும் பதில்களை அவற்றுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம்.

இன்னொன்று. எல்எஸ்டி என்று விற்கப்படும் ஸ்டாம்பில் எல்எஸ்டிதான் இருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது. என்-பாம் என்ற வகைப் பொருளைத் தடவி விற்றதால் பல நாடுகளில் உயிர்கள் போயிருக்கின்றன.

"இதுக்கெல்லாம் அடிக்‌ஷனே கிடையாதுன்னு பசங்க சொல்றாங்களே, உண்மையா?"

உடல் அடிமைத்தனத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் உண்மை. நிறுத்தினால் கை நடுங்குவது, வலிப்பு வருவது, வயிற்றைப் பிரட்டுவது எதுவும் இதில் வருவதில்லை. அமெரிக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் மதுவுக்கும் அபினி வகைகளுக்கும் 'நிறுத்தும்போது வரும் கோளாறு' என்று தனித் தலைப்பு உண்டு. சைகடெலிக்குக்கு அப்படி ஒரு தலைப்பே இல்லை.

இதை 1950-களிலேயே சோதித்துப் பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் என்ற மருத்துவர் சிறைவாசிகளுக்கு வாரக்கணக்கில் தினமும் எல்எஸ்டி கொடுத்தார். அவர்களில் பெரும்பாலானோர் கறுப்பின மக்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காத கொடுமை அது. அந்த முடிவைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். முடிவு இதுதான்: சில நாளிலேயே மருந்து வேலை செய்வது வெகுவாகக் குறைந்துவிட்டது. நிறுத்தியபோது உடம்பில் தொந்தரவு எதுவும் வரவில்லை.

"அதெப்படி? குடிய நிறுத்தினா எங்கப்பாவுக்குக் கை நடுங்குது. இதுக்கு மட்டும் ஏன் இல்ல?"

மது மூளையின் பிரேக்கை அழுத்துகிறது. தினமும் யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்காது. தன் சொந்த பிரேக்கைத் தளர்த்தி, ஆக்சிலரேட்டரைக் கூட்டி, ஈடுகட்டிக்கொள்ளும். திடீரென்று குடியை நிறுத்தும்போது கூட்டி வைத்த ஆக்சிலரேட்டர் மட்டும் மிச்சமிருக்கிறது. சில மணி நேரத்தில் நடுக்கம், இரண்டு நாளுக்குள் வலிப்பு, அதற்கு மேல் போனால் சன்னி. உங்கள் அப்பாவுக்கு நடப்பது இதுதான்.

எல்எஸ்டியிலும் சைலோசிபினிலும் மூளை வேறு மாதிரி நடந்துகொள்கிறது. அந்த 2ஏ ஏற்பிகளை அளவுக்கு மீறித் தூண்டினால், செல் அவற்றை உள்ளே இழுத்து வைத்துக்கொள்கிறது. வாசலில் காலிங் பெல்லையே கழற்றி வைப்பது போல. அடுத்த நாள் அதே அளவு போட்டாலும் பாதிகூட ஏறாது. மூன்று நான்கு நாள் தொடர்ந்தால் ஏறக்குறைய ஒன்றுமே தெரியாது. எல்எஸ்டிக்குப் பழகியவருக்குச் சைலோசிபினும் ஏறாது, ஏனென்றால் இரண்டுக்கும் பெல் ஒன்றுதான். நிறுத்தினால் சுமார் ஒரு வாரத்தில், சிலருக்கு இரண்டு வாரத்தில், ஏற்பிகள் பழையபடி வெளியே வந்துவிடும். எதிர்த்திசையில் தள்ளிக்கொண்டிருந்த விசை எதுவும் இல்லாததால், நிறுத்தும்போது எகிறி அடிக்கவும் எதுவுமில்லை.

அப்புறம், ஹெராயினும் கோகெயினும் மூளையின் 'இன்னும் கொண்டா' சுற்றை நேராகத் தூண்டுகின்றன. சைகடெலிக் அதை அந்த அளவு தொடுவதில்லை. ஆய்வுக்கூட எலி கோகெயின் வரும் பொத்தானை ஓயாமல் அழுத்தும். எல்எஸ்டி வரும் பொத்தானை அப்படி அழுத்துவதில்லை.

"சரி, மனசளவுல இழுக்காதா?"

சிலரை இழுக்கும். வாரா வாரம் கொடைக்கானல் போகிறவர்களை, வேலையை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் எண்ணிக்கை குறைவு. மதுவோடு ஒப்பிட முடியாது.

"அடிமையாக்காதுன்னா பாதுகாப்புன்னுதானே அர்த்தம்?"

இல்லை. இந்தப் பக்கத்தை எழுதியதே இந்த ஒரு கேள்விக்காகத்தான். அடிமைத்தனம் என்பது, திரும்பத் திரும்பப் போட்டால் உடம்பு என்ன ஆகும் என்ற கேள்வி. மனம் பிசகுவது, ஒரு தடவை போட்டால் அந்த ஒரு இரவில் மூளையில் என்ன நடக்கும் என்ற கேள்வி. முதல் கேள்விக்கு வந்த நல்ல பதிலை எடுத்து இரண்டாவதற்கு ஒட்டவைக்க முடியாது. பால் குடித்தால் யாரும் அதற்கு அடிமையாவதில்லை. ஆனாலும் சிலருக்கு ஒரு டம்ளர் பால் ஒவ்வாமல் போகிறது. யாருடைய உடம்பு என்பதைப் பொறுத்தது அது.

"ஒரே ஒரு தடவ எடுத்தா மாசக்கணக்குல எப்படிப் பாதிக்கும்? மருந்துதான் அன்னிக்கே போயிடுதே?"

மருந்து போய்விடுகிறது என்பது சரி. காளான் போதை நான்கிலிருந்து ஆறு மணி நேரம், எல்எஸ்டி எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம். ஓரிரு நாளில் இரத்தத்தில் சொல்லும்படி எதுவும் இருக்காது. ஆனால் அந்தச் சில மணி நேரத்தில் மூளை ஒரு முக்கியமான வேலையைத் தளர்த்திவிடுகிறது. எது பொருட்படுத்த வேண்டியது, எது சும்மா விட வேண்டியது என்று வடிகட்டும் வேலை அது. சாதாரண நாளில் மின்விசிறிச் சத்தம் வெறும் சத்தம்தான். அன்றைக்கு அதில் ஒரு செய்தி இருக்கிறது. சுவர்க் கறை உங்களைப் பார்க்கிறது. பெரும்பாலானவர்களுக்கு மருந்து இறங்கியதும் வடிகட்டி பழையபடி இறுகிக்கொள்ளும். "நேத்து என்னவோ தோணிச்சு" என்று சொல்லிவிட்டுப் போவார்கள்.

மனச்சிதைவு நோயிலும் இதே வடிகட்டிதான் பழுதாகிறது. அதில் டோபமின் என்ற இரசாயனம் அற்பமான விஷயங்களுக்கெல்லாம் 'இது முக்கியம்' என்று முத்திரை குத்திக்கொண்டே இருக்கிறது. பரம்பரையாக இந்த இடம் பலவீனமாக இருப்பவருக்கு, சைகடெலிக் திறந்துவிட்டது முழுசாக மூடாமல் போகலாம். அதற்குள் தூக்கமும் போய்விட்டால் நிலைமை மோசமாகும். இரண்டு மூன்று இரவு தூங்காமல் இருப்பதே இப்படிப்பட்டவருக்குத் தனி ஆபத்து.

போதையின் தொடக்கம் டோபமினில் இல்லை என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு. 1998-இல் சூரிச்சில் ஃபிரான்ஸ் ஃபோலன்வைடர் குழு சைலோசிபின் கொடுத்துப் பார்த்தது. முக்கியமாக டோபமினைத் தடுக்கும் ஹாலோபெரிடால் அந்தப் போதையைத் தடுக்கவில்லை. 2ஏ ஏற்பியைத் தடுக்கும் கெட்டான்செரின் தடுத்துவிட்டது. ஆக, போதை செரட்டோனின் வழியில் ஆரம்பிக்கிறது. பின்னால் நிலைத்துவிடும் நோய் பெரும்பாலும் டோபமின் வழியில் ஓடுகிறது. முதலாவது இரண்டாவதற்கு எங்கே கைமாறுகிறது என்பதில் ஆராய்ச்சியாளர்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை.

"குடும்பத்துல யாருக்கோ இருந்தா எனக்கென்ன? அப்படி எவ்வளவு ஆபத்து?"

முதலில் போதையே இல்லாத கணக்கு. பொதுவாக நூறு பேரில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவாக மனச்சிதைவு வருகிறது. அம்மா, அப்பா, கூடப்பிறந்தவர் ஆகியோரில் ஒருவருக்கு இருந்தால் அது சுமார் பத்தில் ஒன்று. உருவொத்த இரட்டையரில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்குச் சுமார் பாதிக்குப் பாதி. அதாவது அண்ணனுக்கு நோய் இருந்தாலும் தம்பிக்கு வராமல் போகவே அதிக வாய்ப்பு. அந்த வாய்ப்பைக் கையில் வைத்துக்கொண்டு ஏன் சூதாட வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

போதையோடு சேர்த்துப் பார்க்க, சிட்னி கோஹன் என்ற லாஸ் ஏஞ்சலிஸ் மனநல மருத்துவர் 1960-இல் வெளியிட்ட கணக்கு எனக்கு மறக்காது. எல்எஸ்டியும் மெஸ்கலினும் கொடுத்துச் சோதித்துவந்த 44 ஆராய்ச்சியாளர்களிடமிருந்து தகவல் திரட்டினார். சுமார் 5,000 பேர், 25,000 தடவைக்கு மேல். அதில் நோயாளிகளாக இல்லாத, ஆரோக்கியமான தன்னார்வலர்கள் ஆயிரத்துச் சொச்சம் பேர். அவர்களில் இரண்டு நாளுக்கு மேல் மனம் பிசகிப் போனவர் ஒரே ஒருவர். அந்த ஒருவர் யார் என்று பார்த்தால், மனச்சிதைவு நோயாளி ஒருவரின் உருவொத்த இரட்டையர்.

ஒரு ஆளை வைத்து விதி எழுத முடியாதுதான். ஆனாலும் ஆயிரத்துச் சொச்சம் பேரில் தடுமாறிய அந்த ஒருவர், இருப்பதிலேயே அதிகப் பரம்பரைச் சுமை உள்ளவராக இருந்தார் என்பதை யோசித்துப் பாருங்கள்.

"எங்க குடும்பத்துல அப்படி யாருமே இல்லையே சார்?"

நான் கேட்கும் முதல் தடவை எல்லோருமே இதைத்தான் சொல்கிறார்கள். பொய் சொல்வதில்லை. நம் வீடுகளில் அந்த நோய்க்கு அந்தப் பெயர் இருக்காது, அவ்வளவுதான். "படிச்சுப் படிச்சு மூளை சூடாயிடுச்சு", "காத்து கருப்பு அடிச்சது", "யாரோ செய்வினை வெச்சுட்டாங்க", "கல்யாணமே வேணாம்னு ஒதுங்கிட்டார்", "ஒருநாள் சொல்லாம கொள்ளாம வீட்ட விட்டுப் போனவர்தான்". இல்லாவிட்டால், "குணசீலத்துல கொஞ்ச நாள் இருந்தார்", "ஏர்வாடில கொண்டு போய் விட்டாங்க". இதில் ஒவ்வொன்றும் மனநோயாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் விசாரிக்க வேண்டும்.

ஒரு பையன், வயது 20. அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கொடைக்கானலில் நண்பர்களோடு காளான் சாப்பிட்டவன். குடும்பத்தில் யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டதற்கு அம்மா, அப்பா இருவருமே இல்லை என்றார்கள். மூன்றாவது தடவை பாட்டியும் கூட வந்தார். "யாராவது ரொம்ப நாள் தூங்காம, தனியா பேசிக்கிட்டு இருந்தாங்களா பாட்டி?" என்றேன். பாட்டி மகள் முகத்தைப் பார்த்தார். அப்புறம் மெதுவாக, "இவ தம்பி அப்படித்தான் ஆனான்" என்றார். சென்னைக்கு வேலைக்குப் போன 24 வயதுப் பையன், ஆபீஸில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். ஒரு வருடம் கோயிலில் வைத்திருந்தார்கள். வீட்டில் அவர் பேச்சையே எடுப்பதில்லை. பையனுக்குத் தாய்மாமா ஒருவர் இருந்தார் என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதனால் நோயின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள், நடந்ததைக் கேளுங்கள். பெற்றோர், கூடப்பிறந்தவர் மட்டும் போதாது. தாத்தா பாட்டி, மாமா, சித்தி, அத்தை, பெரியப்பா வரை கேளுங்கள். சொந்தத்திலேயே மணம் முடித்த குடும்பம் என்றால், அம்மா வழித் தாத்தாவும் அப்பா வழித் தாத்தாவும் ஒரே இரத்தமாக இருக்கலாம். அந்தப் பங்கு இரண்டு வழியிலும் வந்து சேர்கிறது.

"வெளிநாட்டுல டாக்டருங்களே இத மருந்தா குடுக்கறாங்களே?"

கொடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, வேறு மருந்துக்கு மசியாத மனச்சோர்வுக்கு, அங்கீகாரம் பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசிபின் கொடுக்கலாம். ஆனால் இந்தச் சோதனைகளில் யாரைச் சேர்ப்பதில்லை என்பதைப் பாருங்கள். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தினர் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்பு வழிகாட்டி, முந்தைய பதிலில் சொன்ன அதே உறவு வட்டத்தில் மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ உள்ளவர்களை விலக்கச் சொல்கிறது. சோதனைகளில் கெட்டது நடப்பது குறைவு என்றால், அதற்கு இந்த வடிகட்டல் ஒரு பெரிய காரணம். கொடைக்கானலில் காளான் விற்பவர் உங்கள் தாய்மாமாவைப் பற்றிக் கேட்கப்போவதில்லை.

"ட்ரிப் சரியில்லாம போறதுக்கும் மனநோய் ஆரம்பிக்கறதுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்?"

கெட்ட ட்ரிப் எவ்வளவு பயங்கரமாக இருந்தாலும் மருந்தோடு இறங்கும். பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியும் விஷயங்கள், உருவம் நெளிவது, நிறம் மாறுவது. அந்த நேரத்திலேயே ஆளுக்கு "இது மருந்தாலதான்" என்று ஒரு மூலையில் தெரிந்திருக்கும். விடிந்து, தூங்கி எழுந்தால் அசதியும் கொஞ்சம் பயமும் மிச்சமிருக்கும். அதன் பிறகும் பல நாள் கண்ணில் புள்ளி பறப்பது, நகரும் பொருளுக்குப் பின்னால் வால் தெரிவது, உலகம் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது போலத் தோன்றுவது சிலருக்கு உண்டு. அதுவும் மருத்துவரைப் பார்க்க வேண்டியதுதான். ஆனால் "என் கண்ணில் ஏதோ கோளாறு" என்று அவரே சொல்வார். அந்தத் தெளிவுதான் வித்தியாசம்.

மேலே சொன்ன பையனுக்கு நடந்ததைப் பாருங்கள். காளான் சாப்பிட்டது சனிக்கிழமை. ஞாயிறு தான் தங்கிப் படிக்கும் அறைக்குத் திரும்பினான், சாதாரணமாகத்தான் இருந்தான். திங்கள், செவ்வாய் இரவுகளில் இரண்டு மணி நேரம்தான் தூங்கினான். ஆனால் களைப்பே இல்லை என்றான். புதன்கிழமை, அறைத் தோழன் விசில் அடிப்பது தனக்கான சங்கேதம் என்று அம்மாவிடம் போனில் சொன்னான். அம்மா பரீட்சை பயம் என்று நினைத்தார். வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்தவன், அம்மா வைத்த சாம்பாரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். அவனே முட்டை வேகவைத்து உரித்துச் சாப்பிட்டான். ஓட்டுக்குள் யாராலும் எதையும் கலக்க முடியாதே. எங்களிடம் வந்தது பதினோராவது நாள். அதற்குள் இரண்டு ஆண் குரல்கள் அவனைப் பற்றித் தங்களுக்குள் பேசத் தொடங்கியிருந்தன.

மருந்து இறங்கி இரண்டு நாளுக்கு மேல் தூக்கமின்மை, சந்தேகம், காதில் குரல், எல்லாவற்றிலும் தனக்கொரு செய்தி என்று இதில் எது தொடர்ந்தாலும் காத்திருக்காதீர்கள். அவன் புதன்கிழமையே வந்திருக்கலாம்.

"எப்படியும் வரவேண்டிய நோய்தானே? காளான் மேல ஏன் பழி போடறீங்க?"

நியாயமான கேள்வி. அவனுக்குக் காளான் இல்லாமலே 24 வயதில் மாமாவைப் போல வந்திருக்கலாம். வராமலே போயிருக்கவும் கூடும். தனி ஒருவர் விஷயத்தில் இதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. தவிர, இந்த நோய் பொதுவாகத் தலைகாட்டும் வயதும், பையன்கள் காளானைத் தேடிப் போகும் வயதும் ஒன்றே.

கூட்டமாகப் பார்த்தால் கொஞ்சம் தெரிகிறது. கனடாவில் ஒன்டாரியோ மாகாண ஆய்வு ஒன்று 2024-இல் வந்தது. சைகடெலிக் போல இல்லாததைக் காட்டும் ஹாலுசினோஜன் வகைப் போதையால் அவசர சிகிச்சைக்கு வந்தவர்களில் சுமார் 4 சதவீதம் பேருக்கு மூன்று வருடத்துக்குள் மனச்சிதைவு வகை நோய் கண்டறியப்பட்டது. பொது மக்களில் அது 0.15 சதவீதம். மற்ற போதைகளையும் ஏற்கெனவே இருந்த மனநலப் பிரச்சினைகளையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்த பிறகும் சுமார் மூன்றரை மடங்கு வித்தியாசம் மிஞ்சியது. இது காரணத்தை நிரூபிக்காது. ஆனால் "போதை இறங்கிடுச்சு, இனி பயமில்ல" என்று அப்படிப்பட்டவரை அனுப்பிவிடக் கூடாது என்பதற்கு இது போதும். நம் பையனுக்கும் ஆறு மாதம் கழித்து மருந்தை மெல்லக் குறைத்தபோது குரல்கள் திரும்பின. இப்போது அவனுக்கு மனச்சிதைவுக்கான சிகிச்சைதான் நடக்கிறது. ஒரு செமஸ்டர் போனது; கல்லூரிக்குத் திரும்பிவிட்டான்.

"அமெரிக்கால லட்சம் பேர வெச்சு சர்வே எடுத்து, ஒண்ணும் ஆகாதுன்னு வந்திருக்கே?"

2013-இல் நார்வே ஆராய்ச்சியாளர்கள் யோஹன்சனும் கிரெப்ஸும் அமெரிக்கக் கணக்கெடுப்பில் சுமார் 1,30,000 பேரின் பதில்களை அலசினார்கள். வாழ்நாளில் சைகடெலிக் எடுத்தவர்களுக்கு மனநலப் பிரச்சினை கூடுதலாக இல்லை என்று வந்தது. அதை நான் நம்புகிறேன். பெரும்பாலானவர்களுக்கு எதுவும் ஆவதில்லை என்று மேலே நானே சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சர்வே வீட்டில் இருந்து பதில் சொன்னவர்களைக் கேட்டது. மருத்துவமனையில் படுத்திருந்தவர் அதில் வரவில்லை. அதோடு, லட்சம் பேரின் சராசரிக்குள் பரம்பரைச் சுமை உள்ள சில நூறு பேர் கரைந்துபோவார்கள். உங்கள் வீட்டில் நோய் இருந்தால், உங்களுக்கான எண் அந்தச் சராசரி கிடையாது.

"எங்க அண்ணனுக்கு இருக்கு. நான் ரெண்டு தடவ எடுத்தாச்சு, ஒண்ணும் ஆகல. அப்போ எனக்கு ஒத்துக்கும்தானே?"

இரண்டு தடவை தப்பித்தீர்கள், சந்தோஷம். மூன்றாவது தடவைக்கு அது உறுதி கிடையாது. அளவு மாறும், அந்த வாரத் தூக்கம் மாறும், கூடவே கஞ்சா சேரும், வயதும் நோய் தலைகாட்டும் வயதை நெருங்கும். இத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முன்பே சொன்னபடி, நிறுத்துவதில் உடம்புக்கு ஒரு கஷ்டமும் இல்லை. இந்தப் பொருளில் உங்களுக்குச் சாதகமான ஒரே விஷயம் அதுதான். கஞ்சாவையும் சேர்த்து விடுங்கள். நீங்கள் இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். லித்தியத்தோடு சைகடெலிக் சேர்ந்து வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன.

"டாக்டர்கிட்ட உண்மைய சொன்னா போலீசுக்குப் போகுமா?"

இந்தப் பயத்தால்தான் அந்த வீட்டில் பதினோரு நாள் போனது. எல்எஸ்டியும் சைலோசிபினும் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் குற்றம்தான். ஆனால் 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு, சிகிச்சை பெறுபவரின் விவரங்களை இரகசியமாக வைத்திருக்கும் உரிமையைத் தருகிறது. சிகிச்சை கேட்டு வந்தவரைப் பிடித்துக்கொடுப்பது எங்கள் வேலை இல்லை.

மருத்துவரிடம் நான்கு விஷயம் சொன்னால் போதும்: என்ன எடுத்தான், எந்தத் தேதியில், அதிலிருந்து ஒவ்வொரு இரவும் எத்தனை மணி நேரம் தூங்கினான், குடும்பத்தில் யாருக்கு என்ன நடந்தது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம். எங்கே போவது என்று புரியாவிட்டால் 14416-க்கு, டெலி மானஸ் எண்ணுக்கு, அழையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தன்னையோ பிறரையோ காயப்படுத்திவிடுவான் போலிருந்தால் 108. முடிந்தால் பாட்டியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.